ஏழு நீலச் சொட்டுகள்

வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். மாத்திரை போட ஒரு மடக்கு, அவ்வளவுதான். மறுநாள் உதடு வெடித்துப்போய், தலைவலியோடு வண்டியில் உட்கார்ந்திருப்பாள். யாராவது பாட்டிலை நீட்டினால் "இப்பதான் குடிச்சேன்" என்பாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஏன் அந்தப் பொய் என்று மட்டும் வெகுநாள் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. மணிக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போயாக வேண்டும். முட்டிவலி வேறு, கீழே குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிறவளுக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. வீடு பத்து நிமிட நடை. பக்கத்துப் பூக்கார அம்மாவிடம் "கொஞ்சம் பாத்துக்கோ" என்று கூடையைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிய உலகத்துக்குத்தான் அவள் போவதில்லை. திண்டிவனத்தில் கல்யாணம், விழுப்புரத்தில் காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அப்பா தனியாகப் போய் வருவார். "மார்க்கெட்டை உட்டுட்டு மகாராணி வருவாங்களா?" என்று உறவில் பேசிக்கொண்டார்கள். காரணத்தை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்?

அப்பாவுக்கு அறுபது முடியப்போகிறது என்று சித்தப்பாதான் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்பா அதே மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். பிறந்த தேதியெல்லாம் அவருக்கு உத்தேசம்தான். சித்தப்பா விடவில்லை. "அண்ணனுக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் பண்றோம். எல்லாரும் போறோம்" என்றார்.

"நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா.

"அண்ணி, அண்ணன் அப்புறம் யாரு கழுத்துல தாலி கட்டுவாரு? ஐயரு கழுத்துலயா?"

வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா கீரைக்கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அடங்கியதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு அக்கா என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். "மூணு மணி நேரம்டா. அம்மாவால முடியாது. வழியில எங்க போறது, போற எடம் எப்டி இருக்கும், எறங்கணும்னு டிரைவர் கிட்ட எப்டிச் சொல்றது, அதான் பயம். உன்கிட்ட சொல்ல வெக்கப்படுது."

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். என்னைத் தவிர அதற்கு மேல் படித்தவர் யாரும் இல்லை. பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் கல்லூரி படித்து, இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். தெருவில் யாருக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பெற்ற தாய் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை மட்டும் நான் படிக்கவில்லை.

உறவினர் மத்தியில் எனக்கு இன்னொரு பெயரும் உண்டு: மேப் போடுகிறவன். விழுப்புரத்து அத்தை குடும்பத்தோடு பாண்டிச்சேரி பார்க்க வந்தபோது ஆரம்பித்தது அது. நான் அலுவலகத்துக்கு லீவு போட முடியாததால், போகவேண்டிய இடங்களை எல்லாம் போன் மேப்பில் ஒரு பட்டியலாகச் சேமித்து அதன் இணைப்பை அத்தை மகனுக்கு அனுப்பினேன். கடற்கரையில் நிழல் விழும் பக்கம், மத்தியானம் சாப்பாடு நன்றாக இருக்கும் மெஸ், வண்டி நிறுத்த இடம் கிடைக்கிற தெரு. மேப்பில் பெயர் இல்லாத இடங்களுக்கு விரலை அழுத்திப் பிடித்துக் குறி வைத்து, "நிழல்", "பார்க்கிங்" என்று நானே பெயர் சூட்டியிருந்தேன்.

அத்தை மகன் போன் செய்தான். "மச்சான், வெறும் நம்பர் நம்பரா வருது. இதுல எது சோறு, எது நெழல்?"

அப்படிச் சூட்டுகிற பெயர் சூட்டியவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமானால், பட்டியலுக்குள் அந்த இடத்தின் கீழே குறிப்பாக எழுத வேண்டும். அதன் பிறகு நான் போட்ட பட்டியல்களில் குறிப்பு இல்லாத இடமே கிடையாது. அத்தை வீட்டிலிருந்து அது திண்டிவனத்துக்குப் போயிற்று, அங்கிருந்து யார் யாருக்கோ. பார்த்தறியாத ஒரு பெரியம்மா ஒரு கல்யாணத்தில் என்னைப் பிடித்து, "நீ போட்ட மெஸ்ல ரசம் நல்லா இருந்துச்சிப்பா" என்றார், நான்தான் ரசம் வைத்த மாதிரி.

ஆகவே அம்மாவுக்கும் ஒரு பட்டியல் போட்டேன். பாண்டிச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் திருக்கடையூர் வரை, ஒரு பெண் பயமில்லாமல் இறங்கிப் போய்வரக்கூடிய சுத்தமான கழிப்பறைகள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் பக்கத்துக்குள் நான் போய்ப் பார்க்க முடியாது. சித்தப்பாவின் மகள், கல்லூரியில் படிக்கும் தங்கச்சி, உதவிக்கு வந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் போனேன். பெட்ரோல் பங்க், டிபன் கடை, துணிக்கடை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவேன். அவள் உள்ளே போய்விட்டு வந்து மார்க் போடுவாள்.

"பத்துக்கு நாலு. தாழ்ப்பா இல்ல. வேணாம்."

"இது?"

"எட்டு. வெஸ்டர்ன் இருக்கு, தண்ணி வருது. ரெண்டு படி ஏறணும், பெரியம்மா ஏறிடுவாங்க." பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அண்ணே, உனக்கு பொண்ணு பாக்க வந்தா இதச் சொல்லாத. ஞாயித்துக்கெழமைல இன்னா பண்ணுவன்னு கேட்டா சினிமாவுக்குப் போவேன்னு சொல்லு" என்றாள்.

இருபதுக்கு மேல் பார்த்து ஏழைத் தேர்ந்தெடுத்தோம். ஏழாவது, திருக்கடையூரில் நாங்கள் தங்கப்போகும் லாட்ஜேதான். மூன்றாவது மேப்பில் பெயரே இல்லாத ஒரு தேங்காய் மண்டி. மண்டிக்காரர் மனைவி தாராளமாக வரச் சொன்னார். அங்கே விரலால் குறி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு: படி எத்தனை, பக்கெட் உண்டா, யாரிடம் கேட்க வேண்டும்.

பட்டியலுக்கு ஒரு படம் தேர்ந்தெடுக்கலாம். அதுவே மேப்பில் எல்லா இடத்திலும் தெரியும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீலநிறத் தண்ணீர்ச் சொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். போனை அவள் மடியில் வைத்துக் காட்டியபோது, வீட்டிலிருந்து திருக்கடையூர் வரை சாலை நெடுக ஏழு சொட்டுகள் நின்றன.

அம்மா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழுக்கு அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

"இது எல்லாத்துலயும் எறங்கலாமா?"

"எறங்கலாம்மா. தங்கச்சி உள்ள போயே பாத்துட்டா."

"அவளும் வந்தாளா?" என்று கேட்டுவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சரி, உங்கப்பாவுக்கு வேட்டி எடுக்கணுமில்ல" என்றாள். அவள் வர ஒப்புக்கொண்டது இப்படித்தான்.

பட்டியலைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். பார்க்க மட்டும் முடிகிற இணைப்பு ஒன்று உண்டு, மாற்றவும் முடிகிற இணைப்பு ஒன்று உண்டு. வழியில் யாராவது நல்ல இடம் பார்த்தால் சேர்க்கட்டுமே என்று இரண்டாவதை அனுப்பினேன். தப்பு அங்கேதான்.

அறை, ஐயர், மாலை எல்லாம் பார்த்து வைக்க நான் முன்னதாகவே காலையில் பஸ் ஏறித் திருக்கடையூர் போய்விட்டேன். மதியத்துக்கு மேல் சித்தப்பா பிடித்த வாடகை வேன், பாத்திரங்கள், தாம்பாளங்கள், சித்தி, தங்கச்சி, இன்னும் சிலரோடு கிளம்பியது. அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து அப்பா, அம்மா, அக்கா மூவரும் வாடகைக் காரில்.

லாட்ஜ் வரவேற்பில் மாலைக்காரருக்குக் காத்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"டேய், லிஸ்ட்ல இன்னா பண்ணிக்கிட்டிருக்க?"

"ஒண்ணும் பண்ணலயே."

"கடலூர் தாண்டிட்டோம். ஒரு சொட்டும் வரல. அம்மா அப்பவே சொன்னாங்க, நேத்து ஏழு இருந்துச்சி, இன்னைக்கு கொறையுதுன்னு. நான்தான் உனக்கு எண்ணத் தெரிலம்மான்னு கிண்டல் பண்ணேன். தெறந்து பாத்தா இப்ப நாலுதான் இருக்கு."

என் போனில் பட்டியலைத் திறந்தேன். நான்குதான். கடலூர் பெட்ரோல் பங்க் இல்லை, அதற்கடுத்த டிபன் கடை இல்லை, தேங்காய் மண்டி இல்லை. குறிப்புகளும் கூடவே போய்விட்டன. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே மூடி மறுபடியும் திறந்தேன். மூன்று. சிதம்பரத்துத் துணிக்கடையும் போய்விட்டது.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "வீட்டுக்கே திருப்பச் சொல்லு. நான் வரல."

"அம்மா, பத்து நிமிஷம்..." என்றேன்.

"பத்து நிமிஷம் உனக்குப் பத்து நிமிஷம்டா கண்ணு. எனக்கில்ல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அப்பா டிரைவரிடம் "தம்பி, எங்கயாவது ஓரமா நிறுத்துப்பா" என்றது கேட்டது.

நாளைக் காலை முகூர்த்தம். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் என் மனதில் முகூர்த்தம் இல்லை. இந்தத் தடவை திரும்பிப் போனால் அம்மா இனிமேல் எங்கேயும் வர மாட்டாள் என்பதுதான் இருந்தது. என் பேச்சை நம்பி வெளியே வந்தவள்.

போன் கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், இடங்கள் சாலை வரிசையிலேயே மறைகின்றன. யாரோ சாலையில் போய்க்கொண்டே அழிக்கிறார்கள். சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க சித்தப்பா?"

"சிதம்பரம் தாண்டியாச்சி. உன் லிஸ்ட்டு சூப்பர்டா! ஒண்ணொண்ணா முடிச்சிட்டே வரேன்."

"முடிச்சிட்டேன்னா?"

"முடிஞ்ச எடத்தை அழிச்சிடறேன். இன்னும் மூணுதான் பாக்கி."

எனக்குப் பளிச்சென்று அவருடைய பலகை ஞாபகம் வந்தது. சித்தப்பா லோடு ஆட்டோவில் ஓட்டல்களுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுகிறவர். விடியற்காலையில் மார்க்கெட்டில் ஏற்றும்போதே ஒரு சிலேட்டில் சாக்பீஸால் ஒவ்வொரு ஓட்டலாக எழுதி முன்னால் மாட்டிவிடுவார். ஒரு இடத்தில் இறக்கினால் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. சிலேட்டு கறுப்பாகிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இருபது வருஷமாக ஒரு ஓட்டலைக்கூட அவர் மறந்ததில்லை, அந்தத் தேய்ப்பினால்தான்.

"சித்தப்பா, அது உங்க போன்ல மட்டும் அழியாது. எல்லார் போன்லயும் அழியும். பின்னாடி அம்மா வராங்க."

 "அய்யய்யோ. அண்ணி பின்னாலதான வராங்க!" என்றார். "டேய், திரும்ப எழுதறது எப்டிடா? சாக்பீஸ் எங்க இருக்கு இதுல?"

"நீங்க எதையும் தொடாதீங்க. தங்கச்சிகிட்ட குடுங்க."

தங்கச்சி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். விஷயம் புரிந்ததும் தன் அப்பாவைத் திட்ட ஆரம்பித்தாள். "அத அப்புறம் வெச்சிக்கோ. மண்டி எங்க இருந்துச்சி, சொல்லு" என்றேன். பங்க்கையும் கடைகளையும் பெயர் போட்டுத் தேடிச் சேர்த்துவிடலாம். கார் அவற்றில் இரண்டைத் தாண்டிவிட்டது. இப்போது வேண்டியது மண்டி, அதற்குத்தான் பெயர் இல்லை.

"நீலத் தண்ணி டேங்க் இருந்துச்சிண்ணே. எதிர்ல ஒத்தப் பனமரம். வளைவுக்கு முன்னாடி."

மேப்பை மேலிருந்து எடுத்த படமாக மாற்றி, சாலையோரம் ஒவ்வொரு கூரையாக நீல டேங்க் தேடினேன். சாலையோரத்தில் எத்தனை நீல டேங்க்! மாலைக்காரர் வந்து நின்று, "சார், ரோஜா எத்தன மொழம்?" என்று இரண்டு தரம் கேட்டார். "நீலம்" என்று சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அப்பாவுக்குப் போட்டேன், எடுத்தார்.

"அம்மா எங்கப்பா?"

"எறங்கிப் போயிட்டாடா."

"எங்க?"

"இங்க ஒரு செடி நர்சரி இருக்குது. ஒரு பொம்பள தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சி. நேரா அதுங்கிட்ட போயி இன்னாவோ கேட்டா. உள்ள கூட்டிக்கிட்டுப் போயிடுச்சி. கால் மணி நேரம் ஆவுது, வரல. உங்கக்கா போயிப் பாத்துட்டு வந்து, பேசிக்கிட்டு இருக்காங்கன்றா."

"இன்னா பேசறாங்க?"

"கீரை வெதையப் பத்தி."

நான் லாட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் பட்டியல் திறந்தே இருந்தது. மூன்று சொட்டு. அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடித் திறந்தேன். நான்கு.

புதிய சொட்டு கடலூருக்குத் தெற்கே, நான் குறி வைக்காத ஓர் இடத்தில் நின்றது. பெயர் இல்லை, எண்கள் மட்டும். கீழே அக்கா குறிப்பு எழுதியிருந்தாள், எழுத்துப்பிழைகளோடு: "செடி நர்சரி. அம்மா சொன்னது. வெஸ்டன் இருக்கு. பொம்பளைங்க மட்டும் வரலாம். செடி வாங்கனும்னு இல்ல ஆனா வாங்கினா நல்லது."

பிறகு அக்கா கூப்பிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள். "போடச் சொன்னதே அம்மாதான். ‘இங்க ஒரு சொட்டு வெய்யி'ன்னாங்க. அந்தம்மாகிட்ட மொதல்ல கேட்டுட்டுத்தான். ‘எங்க ஜனத்துக்கெல்லாம் சொல்லுவேன், பரவால்லையா?'ன்னு. அந்தம்மா பொம்பளைங்கன்னா வரட்டும்னாங்க. இப்ப கார்ல ஒரு கறிவேப்பலச் செடி வேற வருது."

"வீட்டுக்குத் திரும்பணும்னு சொல்லல?"

"இன்னும் மூணு சொட்டு இருக்குன்னு எண்ணிக்கிட்டு வராங்கடா. அதையாவது காப்பாத்துன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

சாயங்காலம் கார் லாட்ஜ் வாசலில் நின்றபோது சித்தப்பா தூணுக்குப் பின்னால் நின்றார். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், கறிவேப்பிலைச் செடியை அப்பாவிடம் கொடுத்தாள், நேராகத் தூணிடம் போனாள்.

"தம்பி, இங்க வாங்க. எத்தன சொட்டு அழிச்சீங்க?"

"நாலு அண்ணி." சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சிலேட்டு மாதிரின்னு நெனச்சேன் அண்ணி. சிலேட்ட அழிச்சா எங்க வீட்டுச் சிலேட்டு மட்டும்தானே அழியும்? இது ஊர்ல இருக்கிற சிலேட்டெல்லாம் அழியுது. இது இன்னா நியாயம்?"

"நல்லவேள, வேன் எனக்கு முன்னால வந்துச்சி" என்றாள் அம்மா. "ஏழும் இருந்திருந்தா நான் அந்தம்மாவப் பாத்திருக்கவே மாட்டேன்." சித்தப்பா முகம் தெளிவதற்குள் சேர்த்துக்கொண்டாள்: "அதுக்காக மறுபடியும் அழிச்சீங்கன்னா, கீரைக்கட்டாலயே அடிப்பேன்."

தங்கச்சியும் நானும் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து, அழிந்ததை எல்லாம் திரும்பச் சேர்த்தோம். பனைமரத்தை அவள் கண்டுபிடித்தாள். குறிப்புகளைப் புதிதாக எழுதினோம். பிறகு, மாற்றும் அனுமதியை அக்கா, தங்கச்சி, என்னோடு நிறுத்திவிட்டு, மற்ற எல்லோருக்கும் பார்க்க மட்டும் முடிகிற இணைப்பை அனுப்பினேன். சித்தப்பா ஒரு விரலால் தட்டிப் பார்த்து, அழியவில்லை என்று உறுதி செய்துகொண்டு நிம்மதியானார்.

மறுநாள் காலை அப்பா தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சை அத்தை போடுவதற்குள் அம்மா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அப்பா சிரித்துவிட்டார். என்ன சொன்னாய் என்று முடிச்சு விழுந்ததும் எல்லோரும் கேட்டதற்கு, "சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கன்னேன், ஒரு மணி நேரம் ஆயிடுச்சி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குக் கிளம்பினாள். அப்படி எல்லோர் முன்னாலும் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்திருந்த உறவுக்காரப் பெண்களில் இரண்டு பேர் கூடவே எழுந்து போனார்கள். திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே பேச்சாக வந்தார்கள். மத்தியானத்துக்குள் விழுப்புரத்து அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தச் சொட்டு லிஸ்ட்டு எனக்கும் அனுப்புடா. திருவண்ணாமலை ரூட்டுக்குப் போடுவியா?" என்று கேட்டார். மார்க்கெட்டை விட்டு வராத மகாராணியைப் பற்றிப் பேசியவர்களில் அத்தையும் ஒருவர். அவருக்கும் அதே கஷ்டம் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

திரும்பும்போது நானும் காரில் வந்தேன், டிரைவர் பக்கத்தில். சீர்காழி தாண்டியதும் வெயில் ஏறியது. பின்னால் பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தலையை நிமிர்த்தி, கழுத்துத் தாலியில் தண்ணீர் சிந்தச் சிந்த, நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி பாட்டில் காலி. மூடியைத் திருகிவிட்டு என் தோளைத் தட்டினாள்.

"அடுத்த சொட்டு எங்கடா இருக்குது?"

"இருபது நிமிஷத்துலம்மா."

"சரி" என்று மறுபடியும் மூடியைத் திறந்தாள்.